தப்பாகப் போன பார்சலுக்கு மன்னிப்பு: பழைய கேப்ஷனைத் திருத்துவதா, புதுப் பதிவு போடுவதா?

ஒரு உணவகத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு பார்சல்கள் தாமதமாகப் போயின, அதிலும் சில வீடு மாறிப் போயின. அவசரத்தில் போட்ட கேப்ஷன் பழியை டெலிவரி ஆட்கள்மேல் போட்டுவிட்டது. மறுநாள் பார்த்தால், பேக்கிங் மேசையில் பில்லை மாற்றி ஒட்டியதுதான் காரணம். இப்போது மன்னிப்போடு திருத்தமும் சொல்ல வேண்டும்.

ஸ்டோரியில் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். திருத்தத்துக்கு அது மட்டும் போதாது.

பழைய கேப்ஷனையே திருத்துவது சுலபம்தான். ஆனால் திருத்தியது யாருக்கும் அறிவிப்பாகப் போகாது. முதல் நாள் படித்தவர் பழைய கதையோடுதான் இருப்பார்.

புதுப் பதிவுதான் சரி என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் கமெண்டுகள். "டெலிவரி பையன் என்ன செய்வான், பில் ஒட்டியது நீங்கள்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மேலே உள்ள வரியை மாற்றிவிட்டால், அவர் சும்மா சண்டைக்கு வந்தவர் மாதிரி தெரிவார். 'திருத்தப்பட்டது' என்று ஒரு குறிப்பு வரும், ஆனால் முன்பு என்ன இருந்தது என்று இன்ஸ்டாகிராம் வாசகருக்குக் காட்டாது. ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பவர் அதைப் போட்டால், மறைக்கப் பார்த்தார்கள் என்றே பேச்சு வரும்.

அதனால் பழையதில் ஒரு எழுத்தையும் அழிக்கவில்லை. உச்சியில் "இதில் சொன்ன காரணம் தவறு, புதிய பதிவைப் பாருங்கள்" என்று மட்டும் சேர்த்தோம். புதியது இப்படி:

"திருத்தம்: சனிக்கிழமை பார்சல்கள் மாறியதற்கு டெலிவரி ஊழியர்கள் காரணமல்ல, பில்லை மாற்றி ஒட்டியது நாங்கள். அவர்களிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். பார்சல் மாறி வந்தவர்கள் ஆர்டர் எண்ணை இன்பாக்ஸில் அனுப்புங்கள், முழுப் பணமும் திருப்பித் தருகிறோம். பிறர் பார்சலில் ஒவ்வாமை தரும் பொருள் இருக்கலாம், எடுத்து வைத்திருந்தால் சாப்பிட வேண்டாம்."

ஃபீடில் கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மீதி மடிந்துவிடும். "அன்பான வாடிக்கையாளர்களே" என்று ஆரம்பித்தால் விஷயம் மடிப்புக்குள் போய்விடும். அதனால்தான் 'திருத்தம்' முதலில். ஒவ்வாமை வரியை இன்னும் மேலே ஏற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

புதுப் பதிவில் வேலை அதிகம் என்பது உண்மை. விஷயமே தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும், முதலாளிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். பணம் போய்ச் சேர்ந்ததும் அதை அங்கேயே கமெண்டாக எழுதி, மேலே நிற்கும்படி 'பின்' செய்ய வேண்டும். இல்லையென்றால் "எனக்கு இன்னும் வரவில்லை" என்பதுதான் மேலே நிற்கும்.

எங்களுடையது சின்னப் பக்கம். யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால், கேப்ஷன் எழுதும் முன் அவர்களுக்குப் போன் செய்திருப்போம், வக்கீலையும் கேட்டிருப்போம்.