"க்ளீன் டேட்டா" என்று 3,500 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

என்எஸ்இ பங்குகளின் ஐந்து நிமிட டேட்டா, ஐந்து வருடத்துக்கு, "சுத்தம் செய்தது, அப்படியே போட்டு ஓட்டலாம்" என்று ஒரு டெலிகிராம் குழுவில் விற்றவரிடம் வாங்கினேன். நானும் அப்படியே போட்டு ஓட்டினேன், அதுதான் தப்பு. பழைய விலைகளில் உத்தியை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டில் ஸ்டாப்லாஸ் அடிபடவே இல்லை என்கிற அளவுக்கு லாபம். நிஜப் பணம் போட்டதும் மூன்றே வாரத்தில் ஸ்டாப் மேல் ஸ்டாப்.

உட்கார்ந்து தோண்டினால், 1,480 ரூபாய் பங்கில் 10:05 கேண்டிலின் லோ 148.05 என்று இருக்கிறது. ஒரு இலக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் ஒரு கேண்டிலில் விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் 14 கேண்டில் ஏடிஆர் 4 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 99 ஆகிவிட்டது. வைல்டர் முறையில் ஒவ்வொரு கேண்டிலுக்கும் பதினான்கில் ஒரு பங்குதான் கரையும் என்பதால், இரண்டரை மணி நேரம் கழித்தும் 14 ரூபாய்க்கு மேலேயே நின்றது. என் ஸ்டாப் ஏடிஆரின் இரண்டு மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 200 ரூபாய் கீழே. அது எங்கே அடிபடும்!

இன்னொரு கூத்து விடுமுறை நாட்கள். 2024 ஆகஸ்ட் 15க்கும் 75 கேண்டில் இருந்தது, எல்லாம் முந்தைய நாள் க்ளோஸ், வால்யூம் பூஜ்யம். ஓட்டையை அடைத்ததைத்தான் சுத்தம் என்றிருக்கிறார். ஆர்எஸ்ஐ-யைப் பார்த்தால் இது தெரியாது, ஏற்றமும் இறக்கமும் ஒரே விகிதத்தில் கரைவதால் அது அசையாமல் நிற்கும். ஏடிஆர் மட்டும் செத்துப்போய், மறுநாள் 9:15க்கு 2 பைசாகூட இல்லை.

இப்போது எந்த இண்டிகேட்டருக்கும் முன்னால் முதலில் இதை ஓட்டுகிறேன்:

```python
n = df.groupby(df.index.date).size()
print(n[n != 75])
print(df[df.volume == 0])
```

9:15 முதல் 3:30 வரை 375 நிமிடம், அதனால் 75. குறைந்தால் உடனே நிரப்பக் கூடாது. தீபாவளி முகூர்த்த வர்த்தகம் ஒரு மணி நேரம்தான். 2021 பிப்ரவரி 24 அன்று 11:40க்கு நின்ற சந்தை 3:45க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது, அந்த ஓட்டை நிஜம். அதிகம் கைமாறாத பங்கில் ஐந்து நிமிடம் யாருமே வாங்கி விற்காமல் இருப்பதும் உண்டு.

தப்பான விலையைப் பிடிக்க, ஃபைலில் அந்த நாளின் ஹையையும் லோவையும் என்எஸ்இ தினமும் வெளியிடும் விலைப் பட்டியலான பவ்காப்பியோடு ஒப்பிடுங்கள். இலவசம்தான். 148.05 வந்த நாளுக்கு அதில் லோ 1,471. ஸ்ப்ளிட், போனஸ் வந்த பங்கு என்றால் உங்கள் டேட்டா சரிக்கட்டிய விலையா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் எல்லா நாளும் தப்பு போலவே தெரியும். நான் அந்தக் கேண்டிலைத் தூக்கவில்லை, லோவை மட்டும் ஓப்பன், க்ளோஸில் எது குறைவோ அதுவாக மாற்றினேன். ஏடிஆர் திரும்ப 4 ரூபாய், பேக்டெஸ்ட் லாபமோ மைனஸ்.

விற்றவருக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். "எங்க சார்ட்ல சரியாத்தான் சார் தெரியுது" என்றார், அப்புறம் ப்ளாக்.