மஞ்சள் புத்தகத்தில் ஓர் இனிஷியல்

உகாண்டாவுக்கு வேலைக்கு வரும் தம்பியைக் கையோடு அழைத்துப் போகத்தான் இந்த முறை ஊருக்கு வந்தேன். அந்த நாட்டில் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அம்மாவுக்கு இது விளங்கவில்லை. “மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதாதா?” என்று கேட்டார். இது கொசு பரப்பும் வேறு நோய் என்று சொல்லியும் நம்பியதாகத் தெரியவில்லை.

என் சொந்தச் சான்றே சென்னையில் இறங்கியதும் சோதனைக்கு வந்தது. உகாண்டாவிலிருந்து வருவோர் குடியேற்றப் பிரிவுக்கு முன்பே சுகாதார அதிகாரியிடம் அதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். என்னுடையது 2013இல் போட்டது, பத்தாண்டு செல்லும் என்று எழுதியது. ஆனால் 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். சான்றாகத் தரப்பட்ட பழைய மஞ்சள் புத்தகங்களுக்கும் இது பொருந்தும். அதிகாரிக்கு அதில் தயக்கமில்லை. பாஸ்போர்ட் எண் பொருந்தவில்லை என்றுதான் நிறுத்தினார். ரத்தான பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டு வந்திருந்ததால் தப்பித்தேன்.

தம்பியின் கதை நீண்டது. எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடையாது. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் சான்று செல்லும். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், கரைத்தபின் சில மணி நேரமே தாங்கும். அதனால் குறிப்பிட்ட நாட்களில் ஆட்களைச் சேர்த்துப் போடுகிறார்கள். ஜூன் 3ஆம் தேதிதான் இடம் கிடைத்தது. சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், அதாவது ஜூன் 13. எங்கள் டிக்கெட்டோ 11ஆம் தேதிக்கு. கூடுதல் பணம் கட்டி 14க்கு மாற்றினேன்.

ஊசி முடிந்து மஞ்சள் புத்தகம் கைக்கு வந்தபோது அங்கேயே பிரித்துப் படித்தது நல்லதாகப் போயிற்று. ஆதாரில் உள்ளதுபோல் இனிஷியலோடு பெயர் எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. சொன்னதும் எழுத்தர் அடித்துத் திருத்தி நீட்டினார். அடித்தல் திருத்தல் இருந்தாலே சான்று செல்லாததாகலாம் என்று அந்தப் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அதைக் காட்டியதும் முணுமுணுத்துக்கொண்டே வேறொன்று எழுதினார். மருந்தின் தொகுதி எண், மையத்தின் முத்திரை, மருத்துவரின் கையெழுத்து மூன்றையும் மறுபடி பார்த்தேன். கையெழுத்து பேனாவால் போட்டதாக இருக்க வேண்டும்; ரப்பர் முத்திரை அதற்கு ஈடாகாது. தம்பியையும் அங்கேயே கையெழுத்திடச் சொன்னேன்; அந்த இடத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

என்டெபி விமான நிலையத்தில் அந்தப் பெண் அதிகாரி பெயரைப் பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார், தேதியை விரலால் எண்ணினார், புத்தகத்தைத் திருப்பித் தந்தார்.