முதலில் தேடுவதா, முதலில் எழுதுவதா: 48 மணிநேர சட்டப் பரீட்சை

வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு வினாத்தாள் வருகிறது, ஞாயிறு காலை 9 மணிக்கு ஒப்படைக்க வேண்டும், எல்லை 1500 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் என்னோடு படித்தவர்கள் இதற்கு இரண்டு விதமாகத் திட்டமிட்டார்கள். ஒரு பக்கத்தார் சனி மாலைவரை தீர்ப்புகளைத் தேடி எடுத்துவிட்டு எழுத உட்காருவார்கள். மற்றவர்கள் முதல் மூன்று மணிநேரத்திலேயே, எதையும் திறக்காமல், ஒரு சின்ன விடையை எழுதிவிட்டு அதில் உள்ள ஓட்டைகளுக்காக மட்டும் தேடுவார்கள். நான் இரண்டாவது பக்கம்.

ஏன் என்று ஒரு கேள்வியை வைத்தே பார்ப்போம். புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவரின் அனுமதிப்பத்திரம் மார்ச் 1 அன்று விசாரணை இல்லாமல் ரத்தாகிறது. மார்ச் 20 அன்று மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுகிறார். ஏப்ரல் 12 அன்று உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போக விரும்புகிறார்.

தேடலில் தொடங்கியவர் சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரைத் தீர்ப்புகளை அள்ளிக்கொண்டு வருவார். எழுதத் தொடங்கியவரோ திகதிகளை வரிசைப்படுத்தும்போதே 42 நாட்கள் ஆகிவிட்டதைக் கண்டுவிடுவார். 126(2) ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம்தான். அப்புறம்தான் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு தேவைப்படுகிறது: ஒரு மாதத்துக்குள் முறையிட்டிருந்தால், ஆணைக்குழுவில் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததா என்று பார்த்த தீர்ப்புகள் உண்டு. தேட வேண்டியது இதைத்தான்.

சொல் எல்லையிலும் இதே வித்தியாசம். நிறையச் சேர்த்தவர் 2800 சொற்கள் எழுதிவிட்டு வெட்டுவார். கடைசியில் எழுதியது கடைக்காரருக்குச் சட்டத்தைப் பொருத்தும் பகுதி, அதனால் வெட்டுப்படுவதும் அதுவே. புள்ளிகள் இருப்பதோ அங்கேதான். நான் காலத்தடைக்கு 500, சமத்துவத்துக்கு 600, நிவாரணத்துக்கு 250, முகப்புக்கு 150 என்று முன்பே பிரித்துவிடுவேன். அடிக்குறிப்புகள் எண்ணிக்கையில் சேருமா என்பதை வினாத்தாளின் அறிவுறுத்தலில் முதலில் பாருங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

முதல் திட்டத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. பாடத்தையே சரியாகப் படிக்காதவருக்கு வெறும் தலையோடு எழுத எதுவும் இருக்காது.

கூட்டுச் சேர்வதில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆபத்து. வெள்ளவத்தையில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் குழு வினாத்தாள் வரும்வரை நல்லது, வந்தபின் மௌனமாக வேண்டும். "மார்ச் 20ஐக் கவனி மச்சான்" என்ற ஒரு செய்தியே விடையைக் கைமாற்றுவதுதான். தீர்ப்புகளின் ஒரே வரிசை, ஒரே பிழையான பக்க எண் இரண்டு தாள்களில் வந்தால் திருத்துபவருக்குப் புரியும். கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே மாட்டுவார்கள். அதனால் 9 மணிக்கு முன்பே குழுவை முடக்கிவிட்டு, முதல் வரைவு முதல் ஒவ்வொன்றையும் நேரத்தோடு தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். சந்தேகம் எழுந்தால் விடை உங்களுடையது என்று காட்ட அவை கையில் இருக்கும்.