மெரூன் வெல்வெட் சோபா: எந்த ஷேடரில் துணி, எந்த ஷேடரில் பிளாஸ்டிக்?

சேலத்தில் சோபா செய்யும் பட்டறை ஒன்றுக்கு கேட்லாக் படங்கள் செய்கிறேன். ஏற்காட்டில் ஒரு விடுதிக்குப் போகும் மெரூன் வெல்வெட் சோபாவின் முதல் ரெண்டரைப் பார்த்ததும் பட்டறைக்காரர், "இது ரெக்சின் மாதிரி இருக்கே சார்" என்றார். டெக்ஸ்சரில் குறை இல்லை. ஒளி பட வேண்டிய இடத்தில் படாமல், படக்கூடாத இடத்தில் பட்டிருந்தது. பரப்பில் பட்ட ஒளி எப்படித் திரும்பும் என்று கணக்கிடும் ஷேடரில்தான் குறை.

மேல்பரப்பின் பளபளப்பைக் கணக்கிடும் சாதாரண ஸ்பெகுலர் மாடல் (இப்போது பெரும்பாலும் GGX) பரப்பைப் பொடிப்பொடிக் கண்ணாடிகளாக நினைக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பரப்போடு படுத்து, மேல்நோக்கிப் பார்க்கின்றன. அதனால் குஷனின் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும், ஓரம் இருண்டு போகும். வெல்வெட்டில் இழைகள் நெல் நாற்றுபோல நட்டுக்க நிற்கின்றன. நேராகப் பார்த்தால் இழை நுனிகளும் அவற்றுக்கிடையே உள்ள இருட்டும்தான் தெரியும். சாய்வாகப் பார்க்கும்போதுதான் இழைகளின் பக்கவாட்டில் ஒளி படும். அதனால் வெல்வெட்டில் நடு இருட்டு, ஓரம் வெளிச்சம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். கேமரா பக்கத்திலேயே ஒரு விளக்கு, அதன் பலம் 1. மெரூனின் சிவப்பு 0.25, நீலம் 0.03. குஷன் நடுவில் டிஃப்யூஸ், அதாவது சாயத்தைத் தொட்டு எல்லாப் பக்கமும் சிதறும் ஒளி, மட்டும் தருவது சிவப்பு 0.08, நீலம் 0.01. பரப்பின் சொரசொரப்பைச் சொல்லும் Roughness-ஐ 0.5 வைத்த GGX மூன்று நிறத்துக்கும் சமமாக 0.05 சேர்க்கிறது. நீலம் 0.06 ஆகிவிட்டது, மெரூன்மேல் பால் கொட்டியதுபோல் ஆகிறது. பிளாஸ்டிக்கில் அப்படித்தான் நடக்கும்: மேல்தோலில் பட்ட ஒளி உள்ளே போய்ச் சாயத்தைத் தொடாமல் வெள்ளையாகவே திரும்பிவிடும். சரி, Roughness-ஐ 1 ஆக்கினால்? சேர்வது 0.003தான். பிளாஸ்டிக் போய்விடும், ஆனால் ஓரம் இருண்டபடியே இருக்கும். சுட்ட மண் பொம்மைபோல இருக்கும்.

அடுத்தது, துணியின் ஓர வெளிச்சத்தைத் தனியாகச் சேர்க்க 2012-இல் டிஸ்னி கொடுத்த ஷீன். பார்வைக்கும் விளக்குக்கும் நடுவிலுள்ள கோணத்தில் பாதியை θd என்று எடுத்து, (1−cosθd)^5 என்று போடுகிறது. விளக்கு கேமரா பக்கத்தில் இருந்தால் θd பூஜ்யம், ஷீனும் பூஜ்யம். ஏற்காடு ஜன்னலின் பனிவெளிச்சம் சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்தால் மட்டும் ஓரம் பளிச்சென்று எரியும். பின்வெளிச்சப் படத்துக்கு இது போதும். ஷோரூம் விளக்கில் எடுத்ததுபோன்ற முன்வெளிச்சப் படத்துக்கு இது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மூன்றாவது, 2017-இல் எஸ்டெவெஸும் குல்லாவும் கொடுத்த 'சார்லி':

```
D = (2 + 1/r) * pow(sinθ, 1/r) / (2π)
```

இங்கே r என்பது ஷீனின் roughness. பார்வைக்கும் விளக்குக்கும் சரிநடுவிலுள்ள திசை பாதித்திசை; பரப்பின் செங்குத்துக்கும் அதற்கும் நடுவிலுள்ள கோணம் θ. r = 0.3 என்றால் நடுவில் D பூஜ்யம், 30 டிகிரியில் 0.08, 90-இல் 0.85. முன்பு சொன்ன அதே விளக்கில், குஷன் 80 டிகிரி சாய்ந்த ஓரத்தில் டிஃப்யூஸ் சிவப்பு 0.014 மட்டும். ஷீன் நிறத்தை வெள்ளையாக வைத்தால் சார்லி அதோடு 0.11 சேர்க்கிறது. எனவே ஓரம் நடுவைவிடப் பிரகாசம். வெள்ளை வேண்டாம், துணியின் நிறத்தையே கொஞ்சம் வெளிறச் செய்து ஷீன் நிறமாகக் கொடுங்கள். வெப்சைட்டுகளில் 3D மாடல் காட்டும் கோப்பு வடிவமான glTF-இல் KHR_materials_sheen என்ற நீட்சி சார்லியைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே sheenRoughnessFactor-இன் வர்க்கம்தான் r, 0.3 வேண்டுமென்றால் 0.55 போட வேண்டும். சார்லியின் பலவீனம் பின்வெளிச்சம்: ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தால் பாதித்திசை செங்குத்தோடு சேர்ந்து D பூஜ்யத்துக்குப் போய்விடும். டிஸ்னி எரியும் இடத்தில் சார்லி அணைந்துவிடும்.

Blender 4.0-இல் அதன் பொது ஷேடரான Principled BSDF-இன் ஷீன் மாறிவிட்டது. டிஸ்னிக்காரர்களே 2022-இல் பழையதில் விளக்கின் பக்கமே திரும்பும் ஒளி போதவில்லை என்று சொல்லி, நிற்கும் இழைகளின் மெல்லிய அடுக்காகக் கணக்கிட்டுக் கொடுத்த மாடல் அது. நான் ரெண்டர் செய்வதானால் இதுதான். வெப்சைட்டில் சுழற்றிக் காட்டும் மாடலுக்கு சார்லி. எதுவானாலும் Specular IOR Level-ஐப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள். பழைய வெள்ளைப் பொட்டு இருந்தால் ஷீன் எவ்வளவு ஏற்றினாலும் ரெக்சின்தான்.

இளம்பிள்ளைப் பட்டுச் சேலையை விரித்து வைத்தால் இந்த வைத்தியம் ஒத்துவராது. பட்டு இழைகள் நிற்பதில்லை, ஒரே திசையில் படுத்திருக்கின்றன. அதற்கு ஷீன் வேண்டாம், இழையின் திசைக்கேற்பப் பளபளப்பு நீளும் அனிசோட்ரோபிக் ஸ்பெகுலர்தான் வேண்டும்.

ஷீன் எதுவும் தராதது ஒன்று: விரலால் தடவினால் வெல்வெட்டில் விழும் கோடு. இழை சாய்ந்த திசையை இந்த மூன்று ஷீன் மாடலும் கணக்கில் எடுப்பதில்லை. பரப்பின் செங்குத்துத் திசையை இடத்துக்கு இடம் மாற்றும் நார்மல் மேப்பில் அந்தத் திட்டுகளைச் சில டிகிரி சாய்த்துத்தான் ஏமாற்ற வேண்டும். பட்டறையில் எல்லாத் துண்டையும் ஒரே இழைப்போக்கில் வெட்டுகிறார்கள். இல்லையென்றால் அடுத்தடுத்த குஷன்கள் இரண்டு சாயமாகத் தெரியும். அந்தத் திசையை அவர்களிடம் கேட்டு, எல்லாக் குஷனிலும் அப்படியே சாய்த்து வையுங்கள்.