யோகா மேட்: ரப்பரா, பி.வி.சி.யா, ஃபோமா?

யோகா மேட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது தடிமனைத்தான். நான் எடையைப் பார்க்கச் சொல்வேன். வழக்கமான 183 x 61 செ.மீ. அளவில், 5 மி.மீ. இயற்கை ரப்பர் மேட் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ இருக்கும். 10 மி.மீ. ஃபோம் மேட் ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். தடிமன் இரண்டு மடங்கு, எடையோ பாதிகூட இல்லை. ஃபோமில் பெரும்பகுதி காற்று என்பதுதான் இதன் பொருள். மூட்டுக்கு எது நல்லது என்பதற்கான பதிலும் பாதி இதிலேயே வந்துவிடுகிறது.

முழங்கால் வலி உள்ள ஒருவர் தினமும் காலையில் சூரிய நமஸ்காரம் செய்கிறார், உள்ளங்கையும் நன்றாக வியர்க்கும் என்று வைத்துக்கொள்வோம். கடையில் விரலால் அழுத்திப் பார்த்தால் 15 மி.மீ. ஃபோம் மெத்தையாக இருக்கும், அதையே எடுத்துக்கொண்டு வருவார். முழங்காலை ஊன்றும் இடத்தில் அது சுகம்தான், மறுக்க முடியாது. சிக்கல் பலகை நிலையில் ஆரம்பிக்கிறது. உடல் எடை உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்கும்போது அந்த இடம் மட்டும் ஃபோமுக்குள் புதைகிறது, விரல்கள் மேலேயே நிற்கின்றன. மணிக்கட்டு செங்கோணத்தையும் தாண்டி மடங்குகிறது. முழங்காலுக்காக வாங்கிய மேட் மணிக்கட்டில் வலியைக் கொண்டுவரும்.

அப்புறம் அதோமுக சுவானாசனம். கை முன்னால் தள்ளும், கால் பின்னால் தள்ளும். ஃபோம் மேட் இந்த இழுப்பில் தானே நீள்கிறது. பிடிமானம் போய்விட்டதாகத் தோன்றும், ஆனால் வழுக்குவது கை மட்டுமல்ல, கைக்குக் கீழே மேட்டும் நகர்கிறது. விருக்ஷாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது கணுக்கால் ஆடிக்கொண்டே இருப்பதற்கும் இந்த மென்மைதான் காரணம். இவருக்கு நான் சொல்வது 5 மி.மீ. ரப்பர், முழங்கால் தரையில் படும் இடத்துக்கு மட்டும் மடித்த போர்வை. படுத்தும் உட்கார்ந்தும் செய்யும் ஆசனங்களே அதிகம் என்றால் ஃபோம் தாராளமாகப் போதும்.

பிடிமானத்தில் ரப்பருக்கும் பி.வி.சி.க்கும்தான் உண்மையான போட்டி. ரப்பர் முதல் நாளிலேயே பிடிக்கும். ஆனால் எல்லா ரப்பரும் ஒன்றல்ல. மேற்பரப்பில் திறந்த நுண்துளைகள் உள்ளது வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், கை ஈரமானாலும் வழுக்காது. அதே துளைகளில் வியர்வை தங்குவதால் கழுவிக் காயவைப்பது கொஞ்சம் வேலை. துளை மூடியது கழுவ எளிது, வியர்த்தால் மேலே துண்டு விரிக்க வேண்டும். வாங்கும் முன் ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள்: உருண்டு நின்றால் மூடியது, மெல்ல உள்ளே போனால் திறந்தது.

பி.வி.சி. துளை மூடிய வகைதான். புதிதில் மேலே ஒரு வழவழப்புப் படலம் இருக்கும், பழகப் பழகத்தான் போகும். பொறுமை இல்லாதவர்கள் கல் உப்பைத் தூவி ஒரு நாள் விட்டு, ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்துக் காயவைப்பார்கள். படலம் தேய்ந்தபின் உலர்ந்த கைக்கு நல்ல பிடி கிடைக்கும்.

வாசனை விஷயத்தில் ரப்பர் தோற்றுவிடும். ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் கந்தகத்தின் நெடி சில வாரங்கள் இருக்கும். நிழலில், காற்றோட்டத்தில் விரித்துப் போடுங்கள். நெடி சீக்கிரம் போகட்டும் என்று வெயிலில் போட்டால் மேட்டே போய்விடும். பி.வி.சி.யின் பிளாஸ்டிக் நெடியில், அதை வளைய வைக்கச் சேர்க்கும் மென்மையூட்டிகளுக்கும் பங்கு உண்டு. அவற்றில் தாலேட் வகையைச் சேர்ந்த நான்குக்கு, மொத்தமாக 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் நுகர்பொருட்களில் வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே தாலேட் இல்லை என்ற குறிப்பைத் தேடி வாங்கலாம். ஃபோமில் நெடி பொதுவாகக் குறைவு.

ஆயுளில் வரிசை மாறுகிறது. அடர்த்தியான பி.வி.சி. தினசரிப் பயிற்சியிலும் பல வருடங்கள் தாங்கும், கடைசியில் விறைத்துப்போகும். ரப்பருக்கு எதிரி வெயிலும் எண்ணெயும். எண்ணெய் தேய்த்த உடம்போடு அதில் படுக்கக் கூடாது. ஓரத்தை மடித்துப் பாருங்கள், மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ தரையில் பொடி உதிர்ந்தாலோ அதன் காலம் முடிந்தது. ஃபோம் தினமும் பயன்பட்டால் சில மாதங்களிலேயே குதிகால் பட்ட இடம் பள்ளமாகி, மறுநாளும் எழும்பாமல் கிடக்கும். விலை குறைவு என்று அதை அடிக்கடி மாற்றுகிறவர்கள் கணக்கைக் கூட்டிப் பார்க்கலாம்.

ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை: இயற்கை ரப்பரை விட்டுவிட்டு அடர்த்தியான பி.வி.சி.யை எடுங்கள்.