நெம்புகோல் வீடியோவுக்குக் குரல் உரை: பெருக்கிச் சொல்வதா, நகர்த்திக் காட்டுவதா?

காட்சி ஒன்றுதான். ஒரு மீட்டர் கடப்பாரை, அதன் நுனியில் 90 கிலோ கல், நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு முட்டுக்கட்டை. இதற்கு இரண்டு விதமாக உரை எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

முதல் உரை பாடப்புத்தக வழி:

"கல்லிலிருந்து ஆதாரப்புள்ளி வரை பத்து சென்டிமீட்டர். அங்கிருந்து கை வரை தொண்ணூறு. தொண்ணூறு கிலோவைப் பத்தால் பெருக்கினால் தொள்ளாயிரம். கைப்பக்கமும் அதே தொள்ளாயிரம் வேண்டும். ஆகவே பத்து கிலோ அழுத்தம் போதும்."

கணக்கு சரி. (கடப்பாரையின் சொந்த எடையை விட்டுவிட்டேன், அது இங்கே கைக்கு உதவத்தான் செய்யும்.) ஆனால் காதால் கேட்பவர் திரும்பிப் போய்ப் படிக்க முடியாது. ஒரு தொண்ணூறு நீளம், இன்னொரு தொண்ணூறு எடை. அங்கேயே ஆள் தடுமாறிவிடுவார். அது என் எண் தேர்வின் தவறு, மாற்றிவிடலாம். மாற்ற முடியாத குறை வேறு: பத்து கிலோ தொண்ணூறைத் தூக்குகிறது என்று கேட்டதும், மிச்ச எண்பது எங்கிருந்தோ இலவசமாக வந்ததுபோல் தோன்றும்.

இரண்டாவது உரை:

"மறுமுனையை அழுத்துங்கள். கை பதினெட்டு சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. கல்லைப் பாருங்கள், இரண்டே சென்டிமீட்டர்தான் எழுந்திருக்கிறது. கை ஒன்பது மடங்கு தூரம் போனது. அதனால் ஒன்பதில் ஒரு பங்கு பளுவைத்தான் உணர்கிறது."

மனதில் நிற்க வேண்டிய எண் ஒன்பது மட்டும். இயந்திர லாபம் என்பது அதுதான். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்துவிட்டோம் என்பது கண்ணெதிரே தெரிகிறது. இடுக்கிக்கும் இதே பேச்சு ஒத்துவரும்: விரல் கொஞ்சம் நகர, நுனி அதிகம் நகர்கிறது; எனவே நுனி பிடிக்கும் விசையைவிட விரல் அதிகம் அழுத்த வேண்டும். முதல் உரையில் அங்கே ஒன்றுக்கும் குறைவான 'லாபம்' வந்து நிற்கும்.

முதல் உரை ஜெயிக்கும் இடமும் உண்டு. கையை நேர்செங்குத்தாக அழுத்தாமல், கடப்பாரையோடு 30 டிகிரி சாய்த்துத் தள்ளினால், ஆதாரப்புள்ளியிலிருந்து கை வரையுள்ள 90 செ.மீ. நீளம், அதாவது கரம், பயனளவில் 45 ஆகிவிடும். அழுத்தம் 20 கிலோவாக ஏறும். கரத்தை விசைக்கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் இது உடனே விளங்கும். தூரப் பேச்சில் இதைச் சொல்ல வாக்கியம் நீண்டுவிடுகிறது.

நான் இரண்டாவதையே எடுத்தேன். அதற்கு வரைபவரின் ஒத்துழைப்பு வேண்டும். அசைவுப்படத்தில் இரு முனையும் சமமாக ஆடினால் உரை சொல்வதைப் படமே பொய்யாக்கிவிடும். படத்தை நிறுத்தி, திரையில் அளவுகோலை வைத்துக் கை இறங்கியதையும் கல் எழுந்ததையும் அளந்தால் தெரிந்துவிடும். ஒன்பதுக்கு ஒன்று வரவில்லையா, குரல் பதிவுக்கு முன்பே திருப்பி அனுப்புங்கள். பெருக்கல் கணக்கு கடைசியில் எழுத்தாகத் திரையில் நிற்கட்டும்; அதைக் குரல் படிக்க வேண்டாம்.