தமிழில் பொருள் தலைப்பு: மூன்று வழிகளில் எது நிலைக்கும்?

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்களின் தங்குமிடம் பற்றி இரண்டு ஆய்வு நூல்கள் ஒரே நூலகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ஆங்கிலத்தில், மற்றது தமிழில். நூற்பட்டியல் பதிவுகளுக்கான மார்க் வடிவத்தில் ஒவ்வொரு தகவலும் ஓர் எண்ணிட்ட புலத்தில் இருக்கும். தமிழ் நூலின் பதிவில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் 880 புலத்தில் தமிழ் எழுத்தில் இருக்கும். ஆங்கில நூலின் பதிவில் ஒரு தமிழ் எழுத்துகூட இருக்காது. தமிழில் தேடும் பட்டக்கல்வி மாணவருக்குத் தமிழ் நூல் மட்டும் கிடைக்கும். அதே பொருளில் பக்கத்திலேயே இருக்கும் ஆங்கில நூல் அவர் கண்ணில் படாது. ஆங்கிலத்தில் தேடினால் இரண்டும் வரும், ஏனென்றால் நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்பு இரண்டுக்கும் ஆங்கிலத்தில்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒருபக்கச் சாய்வைச் சரிசெய்ய மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. நூற்பட்டியல் வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் மூன்றுமே தெரியும். எதற்கு எவ்வளவு செலவாகும் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

முதல் வழி, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பொருள் தலைப்பை அப்படியே மொழிபெயர்த்து, ஆங்கில வரிக்குக் கீழே தமிழ் வரி எழுதுவது. பார்க்க அழகாக இருக்கும்:

```
650 #0 $a Foreign workers $x Housing $z Singapore
650 #4 $a வெளிநாட்டுத் தொழிலாளர் $x வீடமைப்பு $z சிங்கப்பூர்
```

இந்த வழியில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, `Housing` என்பதற்கு எழுதிய `வீடமைப்பு`. சிங்கப்பூர் வாசகருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து அடுக்குமாடிதான் நினைவுக்கு வரும், ஊழியர் தங்கும் விடுதி வராது. ஆங்கிலத் தலைப்பில் இந்த உட்பிரிவு எந்த மக்கள் பிரிவினருக்குப் பின்னாலும் வரலாம். அதனால் `தங்குமிடம்` போன்ற பொதுவான சொல்தான் எல்லா இடத்திலும் பொருந்தும். இரண்டாவது, தலைப்பின் கட்டமைப்பு. `Education, Bilingual` மாதிரித் தலைகீழாக எழுதப்பட்ட தலைப்புகள் இன்னும் இருக்கின்றன. அச்சு அட்டைகளின் அகரவரிசைக்காக வந்த அந்த வரிசையை அப்படியே பின்பற்றி `கல்வி, இருமொழி` என்று எழுதினால் எந்தத் தமிழ் வாசகரும் அப்படித் தேடமாட்டார். தமிழில் அடைமொழி முன்னால்தான் வரும், `இருமொழிக் கல்வி` என்று எழுதிவிட்டுப் போகலாம்.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. இரண்டாவது வரியில் உள்ள `#4` என்ற குறி, "இந்தத் தலைப்பு எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று சொல்லப்படவில்லை" என்பதைக் குறிக்கும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஒரு தலைப்பை மாற்றும்போது `#0` வரிகளைத் தானாகத் திருத்தும் செயல்முறை பல நூலகங்களில் உண்டு. `#4` வரிகளை அது தொடுவதில்லை. 2010-இல் `Cookery` என்ற தலைப்பு `Cooking` ஆனது. 2021-இல் `Aliens` என்பது `Noncitizens` ஆனது. இப்படி ஒன்று மாறும்போது ஆங்கில வரி புதிதாகிவிடும், பழைய சொல்லின் தமிழ் பெயர்ப்பு மட்டும் பதிவிலேயே கிடக்கும். சரி, தமிழ்ச் சொல்லே நன்றாக இருந்தால் அது கிடப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். அடுத்த ஆண்டு வேறொருவர் புதிய ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் புதிதாக மொழிபெயர்ப்பார். ஒரே பொருளுக்கு இரண்டு தமிழ்த் தலைப்புகள் ஆகிவிடும். அங்கேதான் சீர்மை குலைகிறது.

முழுத் தலைப்பையும் மொழிபெயர்ப்பது நடக்காத காரியம் என்று சொல்லிவிட முடியாது. கனடாவில் லாவல் பல்கலைக்கழகம் 1946 முதல் பிரெஞ்சு பொருள் தலைப்புப் பட்டியலைப் பராமரித்துவருகிறது. மார்க் பதிவில் அதற்கென்றே `#6` என்ற தனிக் குறியும் உண்டு. ஆனால் அதன் பின்னால் ஒரு நிறுவனமும் அதற்கென்றே ஆட்களும் இருக்கிறார்கள். நமது ஊரில் தமிழ் நூற்பட்டியலாளர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்பதை மறந்துவிட்டு அந்த அளவுக்குத் திட்டம் போடுவது வீண்.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். ஆங்கிலத் தலைப்பை அப்படியே விட்டுவிட்டு, வாசகர் தேடக்கூடிய தமிழ்ச் சொற்களை 653 புலத்தில் கட்டுப்பாடில்லாமல் சேர்ப்பது:

```
653 ## $a வெளிநாட்டு ஊழியர்கள் $a தங்கும் விடுதிகள்
```

வேகம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். நூலைப் புரட்டிப் பார்க்கும்போதே நாலு சொல் எழுதிவிடலாம். நூலாசிரியரே கொடுத்த ஆய்வுச் சொற்களையும் எடுத்துப் போடலாம். உள்ளூர்ச் சொல் தானாகவே நுழையும் என்பதும் நல்லது. இங்கே செய்தித்தாளும் வானொலியும் சொல்வது "வெளிநாட்டு ஊழியர்". சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எழுதப்பட்ட நூலில் "புலம்பெயர் தொழிலாளர்" என்றிருக்கும்.

ஆனால் கொஞ்சக் காலம் போனதும் குழப்பம் தெரிய ஆரம்பிக்கும். 653-இல் உள்ள எல்லாத் தமிழ்ச் சொற்களையும் ஒரு கோப்பாக எடுத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். `வெளிநாட்டுத் தொழிலாளர்`, `வெளிநாட்டு தொழிலாளர்`, `வெளிநாட்டுத் தொழிலாளர்கள்`, `வெளிநாட்டு ஊழியர்` எல்லாம் தனித்தனித் தலைப்பாக நிற்கும். ஒற்று மிகுவதும் மிகாததும், ஒருமையும் பன்மையும் கணினிக்கு வெவ்வேறு சொற்கள். இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. `கொ` என்ற எழுத்தை யூனிகோடில் U+0B95-க்குப் பின் U+0BCA என்றும் எழுதலாம், U+0BC6, U+0BBE என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடல் இயந்திரம் இயல்பாக்கம் செய்யாவிட்டால் `கொள்கை` என்று தட்டியவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஒரே சொல் வரிசையில் இரண்டு முறை வந்து, இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். கோப்பு முழுவதையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். ஆனால் யாராவது அதைச் செய்ய வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப.

இந்த இரண்டு வழிக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. ஆங்கில ஆய்வு நூல்களின் பதிவுகள் பெரும்பாலும் வெளியிலிருந்து இறக்கப்பட்டவை. மேம்பட்ட பதிவு வந்ததும் பழையதன்மேல் எழுதிவிடுவார்கள். உள்ளூர்ப் புலங்களைப் பாதுகாக்கும் அமைப்பைப் போட்டிருக்காவிட்டால், கையால் எழுதிச் சேர்த்த தமிழ் வரிகள் எல்லாம் ஒரே இரவில் காணாமல் போகும். புகார் எதுவும் வராது, ஏனென்றால் இல்லாததைத் தேடி வருகிறவர் "நூல் இல்லை போலிருக்கிறது" என்று போய்விடுவார்.

மூன்றாவது வழி, தமிழ்ச் சொல்லை நூற்பதிவில் வைக்காமல் ஆதாரப் பதிவில் வைப்பது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு தமிழ்ப் பதிவு, அதற்குள் மாற்று வடிவங்கள், ஆங்கிலத் தலைப்புக்கு ஓர் இணைப்பு:

```
150 ## $a வெளிநாட்டு ஊழியர்கள்
450 ## $a வெளிநாட்டுத் தொழிலாளர்
450 ## $a வெளிநாட்டு தொழிலாளர்
450 ## $a புலம்பெயர் தொழிலாளர்
750 #0 $a Foreign workers
```

எது முதன்மைச் சொல் என்ற சண்டை இங்கே ஒரே முறைதான் நடக்கும். சிங்கப்பூர்ப் புழக்கச் சொல் 150-இல், மற்ற நாடுகளின் வழக்கு 450-இல். சென்னை நூலில் படித்த சொல்லோடு வருபவரும் சரியான இடத்துக்கு வந்துசேர்வார். ஆங்கிலத் தலைப்பு மாறினால் 750-இல் ஒரு வரியைத் திருத்தினால் போதும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தலைப்புகளுக்கு `sh` என்று தொடங்கும் எண் உண்டு. சொல்லோடு அந்த எண்ணையும் இணைத்துவிட்டால், வெறும் பெயர்மாற்றங்களில் அந்தத் திருத்தமும் தானாகக் கண்டுபிடிக்கப்படும்.

இந்த வழியில் தலைப்பை நீளச் சங்கிலியாகக் கட்டக்கூடாது என்பது என் கருத்து. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தலைப்புகளை எளிமையாக்கிய ஃபாஸ்ட் முறை செய்வது போல இடத்தைத் தனியே பிரித்துவிட வேண்டும்: பொருள் ஒரு புலத்தில், `சிங்கப்பூர்` வேறொரு புலத்தில். அப்போது உட்பிரிவு எந்த வரிசையில் வர வேண்டும் என்ற கேள்வியே எழாது. `தங்குமிடம்`, `வரலாறு`, `கற்றல் கற்பித்தல்`, `சமூக நிலைமைகள்` போன்ற உட்பிரிவுகள் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றை முதலில் மூடிய பட்டியலாக்கிவிட்டால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

இதற்கும் குறை உண்டு, அதைச் சிறிதாக நினைக்கக்கூடாது. பல நூலகங்களின் தேடல் பக்கம் நூற்பதிவுகளை மட்டும்தான் அட்டவணைப்படுத்துகிறது. 450-இல் எழுதிய மாற்றுச் சொற்கள் தலைப்பு உலாவலில் தெரியும், ஆனால் தேடல் பெட்டியில் தட்டினால் வராது. இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்: 450-இல் மட்டும் இருக்கிற ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். பூச்சியம் வந்தால், ஆதாரக் கோப்பிலிருந்து தமிழ்ச் சொற்களை எடுத்து நூற்பதிவுகளில் ஒரு நிரல் மூலம் எழுத வேண்டும். முதன்மைச் சொல் இப்படிப் போகும்:

```
650 #7 $a வெளிநாட்டு ஊழியர்கள் $2 local
```

மாற்றுச் சொற்கள் திரையில் காட்டாத ஓர் உள்ளூர்ப் புலத்தில் போகலாம். பார்ப்பதற்கு முதல் வழி மாதிரியே இருக்கும். ஆனால் இது கையால் எழுதியதல்ல. மேலெழுதலில் அழிந்தாலும் மறுநாள் நிரலை ஓட்டினால் திரும்பி வந்துவிடும்.

நூலின் பெயருக்கான புலங்களில் இவ்வளவு தகராறு இல்லை. ஆங்கில நூலின் பெயரைத் தமிழாக்க விரும்பினால் 245-ஐத் தொடாமல் 242-இல் `$y tam` என்ற குறியோடு எழுதலாம். தமிழ் நூலுக்கு 245-இல் ரோமன் எழுத்துப்பெயர்ப்பும், 880-இல் `$6 245-01/Taml` என்ற இணைப்போடு தமிழும் போகும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பில் சிங்கப்பூர் `Ciṅkappūr` ஆகிவிடும். அதைத் தட்டித் தேடுகிற வாசகரை நான் இதுவரை பார்த்ததில்லை. 880 இல்லாத பழைய தமிழ்ப் பதிவுகள் தமிழ் வாசகருக்கு எட்டாமலே கிடப்பதற்கு இதுதான் காரணம். எந்தப் பொருள் தலைப்பு வேலைக்கும் முன்னால் அவற்றை முடித்துவிட வேண்டும்.

ஆக, என் தேர்வு மூன்றாவது வழி, எல்லாத் தலைப்புகளுக்கும் ஒரே நேரத்தில் அல்ல. சிங்கப்பூர், தமிழ் தொடர்பான ஆய்வு நூல்களில் அதிகம் வரும் தலைப்புகளுக்கு மட்டும் முதலில் ஆதாரப் பதிவு. மற்றவற்றுக்கு 653, என்எஃப்சி கட்டாயம், ஒற்று போட்டே எழுத வேண்டும் என்ற விதியோடு. ஒரு 653 சொல் பல பதிவுகளில் வரத் தொடங்கியதும் அதை ஆதாரப் பதிவாக உயர்த்திவிடலாம்.

சரிபார்க்க, நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் டூயி எண் உதவும், அது மொழி சார்ந்ததல்ல. 894.811 தமிழ் இலக்கியம், 494.811 தமிழ் மொழி. சிங்கப்பூர் சேர்ந்தால் 5957 என்ற இலக்கங்கள் ஒட்டும். ஒரே எண் கொண்ட தமிழ், ஆங்கில நூல்களை ஒன்றாக எடுத்து அவற்றின் தமிழ்த் தலைப்புகளைப் பக்கத்தில் வைத்தால், பொருந்தாதவை உடனே துருத்திக்கொண்டு நிற்கும். முதல் முறை எடுக்கும்போது ஆங்கில நூல்கள் பக்கம் தமிழ் நெடுவரிசை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அந்தக் காலியிடங்களுக்கு எதிரே உள்ள ஆங்கிலத் தலைப்புகளை எண்ணிக்கை வரிசையில் அடுக்கினால், ஆதாரப் பதிவு எழுத வேண்டிய பட்டியல் கைக்கு வந்துவிடும்.